சோளகமும் கடலைத் தாண்டித்தான் வருகிறது, யாழ்ப்பாணத்தில் ஏன் மழை இல்லை?

கேள்வி: சோளகக் காற்றும் கடலைத் தாண்டித்தானே எங்கட பக்கம் வருது. பிறகேன் ஜூனில இரத்தினபுரியில வெள்ளம், யாழ்ப்பாணத்தில புழுதி? எங்களுக்கு மட்டும் ஏன் ஐப்பசி, கார்த்திகையிலதான் மழை? வாடைக்காற்று தை, மாசியிலயும் வீசுதே, அப்ப ஏன் மழை நிக்குது?

பதில்:

மழை பெய்ய இரண்டு தேவை. காற்றில் நீராவி இருக்க வேண்டும். அந்தக் காற்று மேலே எழுவதற்கு ஒரு காரணமும் இருக்க வேண்டும். முதலாவது யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுவதும் உண்டு. மூன்று பக்கமும் கடல் உள்ள ஒரு குடாநாட்டில் நீராவிக்கு என்ன பஞ்சம்? இல்லாமற் போவது இரண்டாவதுதான். ஜூன், ஜூலையில் எங்கள் தலைக்கு மேல் போகும் காற்றைத் தூக்கி விட எதுவும் இல்லை. ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை அதைத் தூக்கும் ஒன்று வங்காள விரிகுடாவில் வந்து நிற்கிறது. ஜனவரி நடுப்பகுதியில் அது தெற்கே போய்விடுகிறது. காற்று மட்டும் பழைய திசையிலேயே வீசிக்கொண்டிருக்கும்.

பாடப்புத்தகத்தில் பருவத்துக்குக் காற்றின் பெயரை வைத்திருப்பதால், காற்றுத்தான் மழையைக் கொண்டுவருகிறது என்று மனதில் பதிந்துவிடுகிறது. காற்று நீராவியைத்தான் கொண்டுவரும். அதை எங்கே கொட்டுவது என்பதைத் தீர்மானிப்பவை வேறு.

முதலில் இரண்டு காற்றும் எங்கிருந்து கிளம்புகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கு, பாகிஸ்தான், திபெத் மேட்டுநிலம் எல்லாம் கடலைவிட வேகமாகச் சூடேறுகின்றன. அங்கே அமுக்கம் குறைகிறது. அதே காலத்தில் தென்னிந்தியப் பெருங்கடலில், மடகஸ்காருக்குக் கிழக்கே, உயரமுக்கம் ஒன்று நிலைகொண்டிருக்கும். அங்கிருந்து புறப்படும் காற்று தென்கிழக்கிலிருந்து வந்து பூமத்திய ரேகையைக் கடக்கிறது. வட அரைக்கோளத்தில் பூமியின் சுழற்சி எந்தக் காற்றையும் அதன் வலப்பக்கம் திருப்பும் என்பதால், கடந்ததும் திரும்பி தென்மேல் காற்றாகிவிடுகிறது. சோளகம் என்று நாங்கள் சொல்வது இதன் ஒரு கிளை. டிசம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழ். சைபீரியா குளிர்ந்து உயரமுக்கமாகிறது, சூடான பகுதி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் காற்றும் வலப்பக்கம் திரும்புகிறது, வடகீழ்க் காற்றாக, எங்கள் வாடையாக வருகிறது. தரை வழியே வரும்வரை அது வறண்ட காற்று. வங்காள விரிகுடாவின் மேல் பல நூறு கிலோமீற்றர் வரும்போதுதான் ஈரத்தை ஏற்றிக்கொள்கிறது.

இனி இரத்தினபுரி. தென்மேல் காற்று இலங்கையின் மேற்குக் கரையைத் தொடும்போது வெப்பநிலை 28 பாகை செல்சியஸ், நீராவி ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலையான பனிபடுநிலை 24 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ காற்றில் 19 கிராம் அளவில் நீராவி இருக்கும், ஈரப்பதன் 80 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. இதுவரை மழை இல்லை. கரையிலிருந்து உள்ளே போனதும் மலைச்சரிவு எதிர்ப்படுகிறது, காற்று ஏறியே ஆகவேண்டும். ஏறும் காற்று ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை குளிரும். மேலே போகப்போக அமுக்கம் குறைவதால் பனிபடுநிலையும் சற்று இறங்கும், 500 மீற்றர் உயரத்தில் காற்று 23 பாகைக்கு வந்ததும் அதற்கு மேல் நீராவியைப் பிடித்துவைக்க முடியாது, முகில் உண்டாகிறது. அதன்பிறகு ஒடுங்கும் நீராவி வெப்பத்தைத் திருப்பிக் கொடுப்பதால் குளிர்வது பாதியாகக் குறையும், 100 மீற்றருக்கு அரைப் பாகை. 2000 மீற்றர் உயரத்தில் வெப்பநிலை 15.5 பாகை. அந்த நிலையில் ஒரு கிலோ காற்று 14 கிராம் நீராவியைத்தான் வைத்திருக்க முடியும். மிச்சம் 5 கிராமும் மேற்குச் சரிவில் மழையாக விழுந்துவிட்டது. ஒரு கிலோவுக்கு 5 கிராம் என்பது சிறிய அளவாகத் தெரியலாம். ஆனால் காற்று நிற்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை இரவு பகலாக அதே சரிவில் ஏறிக்கொண்டே இருக்கும். இரத்தினபுரி வருடத்துக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை வாங்குவதும், வட்டவளைப் பக்கம் அதைவிடவும் கூட வாங்குவதும் இதனால்தான்.

இதே காற்று மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் என்ன ஆகும்? இறங்கும் காற்றில் முகில் கலைந்துவிடும், எனவே 100 மீற்றருக்கு முழுதாக 1 பாகை சூடேறும். 2000 மீற்றரிலிருந்து கடல்மட்டம் வரை இறங்கினால் 20 பாகை கூடி 35.5 பாகை. புறப்பட்டபோது 28 பாகையாக இருந்த அதே காற்று, ஈரப்பதன் 40 வீதத்துக்கும் கீழே போய், சுடுகாற்றாகக் கிழக்குக் கரைக்கு வருகிறது. முகிலில் ஒடுங்கிய நீர் முழுவதும் மழையாக விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. உண்மையில் கொஞ்ச முகில் மலையைத் தாண்டியும் வரும், காற்றின் ஒரு பகுதி மலையை ஏறாமல் சுற்றியும் போகும். ஆனாலும் ஜூன், ஜூலையில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பகல் வெப்பநிலை 34, 35 பாகையில் நிற்பதைப் பார்த்தால் கணக்கு பெரிதாகப் பிழைக்கவில்லை என்று தெரியும். மட்டக்களப்பார் கச்சான் என்று திட்டுவது இந்தக் காற்றைத்தான்.

இந்த இடத்தில் ஒரு பிழையான விளக்கத்தைத் திருத்தவேண்டும். யாழ்ப்பாணமும் மத்திய மலைநாட்டின் மழைநிழலில் இருப்பதால்தான் சோளகத்தில் மழையில்லை என்று பலர் சொல்கிறார்கள், ரியூசன் குறிப்புகளிலும் அப்படியே இருக்கிறது. ஒரு இலங்கை–இந்தியப் படத்தை விரித்து, யாழ்ப்பாணத்தில் அடிமட்டத்தை வைத்து, காற்று வரும் திசைக்கு, அதாவது தென்மேற்கே, ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மன்னாருக்கு மேற்கால் போய் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, கன்னியாகுமரிக் கடலை நோக்கிப் போகும். நுவரெலியா அந்தக் கோட்டில் இல்லை. அது யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே, சற்றுக் கிழக்கே சரிந்து, 300 கிலோமீற்றர் அளவு தூரத்தில் இருக்கிறது. மலைநாட்டின் நிழல் மொனராகலை, அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் விழும். எங்களை எட்டாது.

கோட்டைக் கொஞ்சம் மேற்குப் பக்கம் சரித்துப் பாருங்கள். இராமநாதபுரம், மதுரை, அதற்கப்பால் கேரள எல்லை மலைகள் வரும். சோளகம் பல நாட்களில் மேற்கிலிருந்தே வருவதால் இந்தக் கோடும் உண்மையான வழிதான். கேரளத்தில் ஜூன் 1ஆம் திகதியை ஒட்டித் தொடங்கும் மழை மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் கொட்டுகிறது. 2695 மீற்றர் உயரமான ஆனைமுடி இருப்பதும் அந்தத் தொடரில்தான். அதைத் தாண்டி இறங்கிய காற்றுத்தான் தூத்துக்குடியையும் இராமநாதபுரத்தையும் வாட்டிவிட்டுப் பாக்கு நீரிணையைக் கடந்து எங்களிடம் வருகிறது. ஆக, எங்களுக்கு மழைநிழல் என்று ஒன்று இருக்குமானால் அது பெரும்பாலும் கேரளத்து மலைகளின் நிழல்.

ஆனால் மழைநிழல் முழு விளக்கமும் அல்ல. கன்னியாகுமரிக்குத் தெற்கே கடல் வழியே வரும் காற்றில் கீழ்ப்பகுதி நல்ல ஈரமாகத்தான் இருக்கும். வேர்வை காயாமல் உடம்பு பிசுபிசுப்பது அதனால்தான். அதுவும் மழை தருவதில்லை. குடாநாட்டின் தரை கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரந்தான், எனவே ஏற்றிவிடத் தரை இல்லை. தென்னிந்திய மலைகளுக்கும் இலங்கை மலைகளுக்கும் இடையே உள்ள வாயிலால் நுழையும் காற்று வேகமெடுக்கிறது. மன்னாரில் காற்றாலைகளை நிறுத்தியிருப்பது இந்த வேகத்தை நம்பித்தான். வேகமெடுத்து விரியும் காற்றுக்கு மேலே இருக்கும் காற்று சற்றுக் கீழே இறங்கி இடத்தை நிரப்பும். இறங்கும் காற்று முகிலை வளரவிடாது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. கீழே சோளகம் மேற்கிலிருந்து அடிக்கும்போது, 14 கிலோமீற்றர் உயரத்தில் பலத்த கீழைக்காற்று எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு முகில் தப்பி வளர்ந்தாலும் அதன் தலை ஒரு பக்கம், அடி மறுபக்கம் இழுபட்டுக் குலைந்துபோகும். ஜூலையில் யாழ்ப்பாண வானத்தைப் பார்த்தால் சிறிய பஞ்சு முகில்கள் வரிசையாக வேகமாக ஓடும், ஒன்றும் உயர வளராது. ஜூன் மாதச் சராசரி மழை 10 முதல் 20 மில்லிமீற்றருக்குள் நிற்பது இதனால்தான்.

சோளகம் ஓய்ந்துபோகும் சில நாட்கள் ஓகஸ்ட், செப்டெம்பரில் வரும். இந்தியாவின் நடுப்பகுதியில் மழை விட்டு, அமுக்கப் பள்ளம் இமயமலை அடிவாரத்துக்குப் போய்விடும் நாட்கள் அவை. அப்போது இங்கே காற்று தளர்கிறது, பகலில் தரை சூடாகிறது, கடற்காற்று உள்ளே வருகிறது, பின்னேரமோ முன்னிரவிலோ இடியுடன் ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும். கடலிலே ஈரம் குறையவில்லை, தடை விலகியதும் மழை வந்துவிட்டது. இந்த மழை விவசாயிகளை ஏமாற்றும் மழையும் கூட. அதற்குக் கீழே வருகிறேன்.

சரி, ஒக்டோபரிலிருந்து எது தூக்குகிறது? வட அரைக்கோளக் காற்றும் தென் அரைக்கோளக் காற்றும் வந்து சந்திக்கும் ஒரு பட்டை பூமியைச் சுற்றி இருக்கிறது. புவியியற் பாடத்தில் அயன இடை ஒருங்கல் வலயம் என்று படித்திருப்பீர்கள். இரண்டு பக்கத்துக் காற்றும் முட்டும் இடத்தில் போக வழியின்றி மேலே எழும். மலை இல்லாத இடத்தில் மலையின் வேலையைச் செய்வது இந்தப் பட்டைதான். இது சூரியனுக்குப் பின்னால் வடக்கும் தெற்கும் போய்வரும், ஆனால் பிந்தித்தான் போகும். யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சிக்கு நேரே வருவது வருடத்தில் இரண்டு முறை. ஒன்று சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மற்றது ஓகஸ்ட் கடைசியில். பட்டை ஜூலையில் வட இந்தியாவில் இருக்கும். அங்கிருந்து இறங்கித் தென் வங்காள விரிகுடாவுக்கு வர ஒக்டோபர் நடுப்பகுதி ஆகிவிடும். தண்ணீர் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறுவதே இந்தப் பிந்தலுக்குக் காரணம். ஒக்டோபர், நவம்பரிலும் விரிகுடாவின் மேற்பரப்பு 28 பாகையை ஒட்டியே இருக்கும்.

ஏப்ரலில் வடக்கே போகும்போதும் இதே பட்டை எங்களைக் கடக்கிறதே, அப்போது ஏன் இவ்வளவு மழை இல்லை? அப்போது தரை இழுப்பதால் அது விரைவாக வடக்கே தாவிவிடும், வங்காள விரிகுடாவிலிருந்து எங்கள் கரையை நோக்கி வீசும் நிலையான காற்றும் இல்லை. சித்திரையில் ஒன்றிரண்டு இடிமழையோடு முடிந்துவிடும். ஒக்டோபரில் பட்டை மெதுவாகத் தெற்கே நகர்கிறது, வாடை பின்னாலிருந்து ஈரத்தை ஊட்டுகிறது, பட்டைக்குள்ளேயே தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கின்றன. நவம்பர் மாதச் சராசரி 350 மில்லிமீற்றரைத் தாண்டுவது இந்த மூன்றும் சேர்வதால். வருடத்துக்கு 1200, 1300 மில்லிமீற்றர் பெய்யும் இடத்தில் ஒரே மாதத்தில் இவ்வளவு!

பட்டை தெற்கே நகர்வதை மழைக் கணக்கிலேயே பார்க்கலாம். சென்னையில் நவம்பர்தான் உச்சம், டிசம்பரில் பாதியாகக் குறைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் நவம்பர் உச்சம், ஆனால் டிசம்பரிலும் நல்ல மழை. மட்டக்களப்பில் உச்சமே டிசம்பரில். மூன்று ஊருக்கும் வாடை ஒன்றுதான். பட்டை தலைக்கு மேல் வரும் காலந்தான் வேறு.

வானிலை அவதான நிலையத்துக் கணக்கில் ஒக்டோபரும் நவம்பரும் வடகீழ்ப் பருவத்தில் சேராது. இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் அவற்றை இரண்டாம் இடைப்பருவம் என்று பிரித்து, டிசம்பர் முதல் பெப்ரவரி வரையைத்தான் வடகீழ்ப் பருவம் என்கிறது. இந்திய வானிலைத் துறையோ ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையை வடகிழக்குப் பருவமழை என்கிறது. தமிழ்நாட்டுச் செய்தியையும் கொழும்புச் செய்தியையும் மாறி மாறிக் கேட்பவர்கள் குழம்புவது இங்கேதான். யாழ்ப்பாணத்தின் மழையைப் பொறுத்தவரை இந்தியப் பிரிப்பே கூடப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். ஆனாலும் இரண்டு வகை மழை இருப்பது உண்மை. ஒக்டோபர் தொடக்கத்தில் பெய்வது பெரும்பாலும் பின்னேர இடிமழை, தரை சூடேறி மேற்காவுகையால் வருவது. நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு நடுச்சாமத்திலும் விடியப்புறத்திலும் இடி முழக்கம் அதிகமின்றிக் கடற்பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து மணிக்கணக்கில் நின்று பெய்யும். கடலுக்கு மேல் முகில்கள் இரவில்தான் நன்றாக வளரும், அதுதான் காரணம். எந்த நேரத்தில் பெய்கிறது என்பதைக் கவனித்தாலே மழை எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

தை, மாசியில் ஏன் நிற்கிறது என்பது இப்போது தெரிந்திருக்கும். ஜனவரி நடுப்பகுதிக்குள் பட்டை பூமத்திய ரேகைக்குத் தெற்கே போய்விடுகிறது. வாடை இன்னும் பலமாகவே வீசும், வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுவதும் அந்தக் காற்றில்தான். வடமராட்சிக் கடல் அடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் வடக்கிலிருந்து வரும் காற்று இப்போது குளிர்ந்தது, வறண்டது, மேலே இறங்கும் காற்றின் மூடி வேறு. தட்டையான குடாநாட்டைத் தடவிக்கொண்டு போய்விடும். அதே ஜனவரியில் அதே காற்று பதுளைப் பக்கத்துச் சரிவிலும் நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சரிவிலும் மோதும்போது மழை பெய்கிறது! ஜூனில் இரத்தினபுரிக்கும் எங்களுக்கும் இருந்த வேறுபாடு, ஜனவரியில் பதுளைக்கும் எங்களுக்கும் இருக்கிறது. திசை எதிர், காரணம் ஒன்று.

யாழ்ப்பாணத்தின் மழை தாழமுக்கங்களை நம்பி இருக்கிறது என்றால் அதன் அளவு எப்படி என்று ஒரு உதாரணத்தில் பார்ப்போம். 2008 நவம்பரில் நிஷா சூறாவளி இலங்கையின் வடகிழக்கை ஒட்டி உருவாகி, மிக மெதுவாக நகர்ந்து, 27ஆம் திகதி காரைக்காலுக்கு அருகே கரையேறியது. காற்று பெரிதாக அழிக்கவில்லை. மெதுவாக நகர்ந்ததுதான் சிக்கலாகிவிட்டது. 25ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் பதிவான மழை 390 மில்லிமீற்றரை ஒட்டியது. ஒரு மாதத்து மழை ஒரு நாளில். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 390ஐ 253ஆல் பெருக்கினால் 98 ஆயிரத்துச் சொச்சம், கிட்டத்தட்ட ஒரு இலட்சம் லீற்றர். நான்கு பரப்பு வளவில் நான்கு இலட்சம் லீற்றர். சரிவே இல்லாத தரையில், ஒழுங்கையை உயர்த்திக் கொங்கிறீட் போட்டு, வெள்ளவாய்க்காலை மதிலால் மறித்து வைத்திருந்தால் அது எங்கே போகும்? எங்கள் சுண்ணக்கல் நிலம் நிறையக் குடிக்கும், அதனால்தான் செப்டெம்பரில் ஆழத்துக்குப் போன கிணற்று நீர் மார்கழியில் மேலே வந்துவிடுகிறது. ஆனால் நிலத்தடி நீர் ஏற்கனவே உயர்ந்துவிட்ட நவம்பர் கடைசியில் விழும் 390 மில்லிமீற்றரும், ஒக்டோபர் தொடக்கத்தில் வறண்ட நிலத்தில் விழும் அதே அளவும் ஒன்றல்ல.

தாழமுக்கம் எங்கே நிற்கிறது என்பதை வீட்டு முற்றத்திலேயே ஓரளவு அறியலாம். காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். வட அரைக்கோளத்தில் தாழமுக்கம் உங்கள் இடக்கைப் பக்கம், சற்று முன்னால் தள்ளி இருக்கும். வாடை, அதாவது வடகீழ்க் காற்று அடித்தால் நீங்கள் தென்மேற்கைப் பார்த்து நிற்பீர்கள், இடக்கை தென்கிழக்கைக் காட்டும். மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஏதோ இருக்கிறது, அது எங்களை நோக்கி வரக்கூடும். காற்று கொண்டலாக, நேர்கிழக்கிலிருந்து மாறினால் இடக்கை தெற்கைக் காட்டும், அது எங்களுக்குத் தெற்கால் நாட்டைக் கடக்கிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, பிறகு மன்னார் வளைகுடாவில் போய்த் தேங்கி நின்றபோது யாழ்ப்பாணம் அதன் வடகிழக்குப் பக்கத்தில் இருந்தது. தென்கிழக்கிலிருந்து கடற்காற்று விடாமல் உள்ளே வந்தது. மையம் கடந்துபோன பின்பும் மழை விடாததற்கு அதுதான் காரணம்.

காற்று வடமேற்குக்கோ மேற்குக்கோ திரும்பினால் இடக்கை வடகிழக்கை அல்லது வடக்கைக் காட்டும். தாழமுக்கம் ஆந்திரப் பக்கம் ஏறுகிறது என்று அர்த்தம். அப்படிப் போகும் சூறாவளி விரிகுடாவின் ஈரத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு, இந்தியத் தரையின் வறண்ட காற்றை எங்கள் மேல் விட்டுச்செல்லும். செய்தியில் பெரிய சூறாவளி என்று கேட்டு வாய்க்காலைத் துப்புரவாக்கிவிட்டுக் காத்திருக்க, ஒரு கிழமை வெயில் அடிப்பது இப்படித்தான். இந்தச் சோதனையைக் காற்று நிலையாக அடிக்கும்போது வெட்டையிலோ வயல்வெளியிலோ செய்யுங்கள். மதில்களுக்கு நடுவிலோ, பின்னேரக் கடற்காற்று உள்ளே வரும் நேரத்திலோ செய்தால் பிழைக்கும்.

இனி விதைப்பு. காலபோகத்துக்கு மானாவாரியாக நெல் விதைப்பவர்கள் மாட்டிக்கொள்வது மேலே சொன்ன ஓகஸ்ட், செப்டெம்பர் இடிமழையில். ஒரு பின்னேரம் 40 மில்லிமீற்றர் பெய்ததும் பருவம் தொடங்கிவிட்டது என்று விதைத்துவிடுவார்கள். நெல் முளைக்கும். பிறகு சோளகம் மறுபடி எழும்பி இரண்டு மூன்று கிழமை காய்ந்தால் முளை கருகிவிடும், இரண்டாம் முறை விதைநெல் தேட வேண்டும். பருவம் உண்மையில் மாறிவிட்டதா என்று பார்க்க மழையின் அளவைப் பார்க்காதீர்கள், தாழ்வான முகில் எந்தத் திசைக்கு ஓடுகிறது என்று காலையில் பாருங்கள். மரத்து இலை அசைவது கடற்காற்றாலும் இருக்கலாம், நம்ப முடியாது. ஒன்று, ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்து முகில் கடற்காற்றுக்கு மசியாது. அது இன்னும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடினால் நேற்றுப் பெய்தது சோளகத்தின் இடைவேளை மழை. தொடர்ந்து மூன்று நான்கு நாள் கிழக்கிலிருந்து மேற்கே ஓடினால், கீழைக்காற்று நிலைபெற்றுவிட்டது. இந்திய வானிலைத் துறை வடகிழக்குப் பருவமழையை அறிவிக்கும்போது பார்க்கும் குறிகளிலும் இது ஒன்று. தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உயரம் வரை காற்று கிழக்கிலிருந்து வரவேண்டும், தமிழ்நாட்டுக் கரையில் பரவலாக மழை பெய்யவேண்டும். வழக்கமாக அது ஒக்டோபர் 20ஐ ஒட்டி நடக்கும், ஒரு கிழமை முன்பின் ஆவது சாதாரணம்.

கடைசியாக, எல் நினோ, அதாவது பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை. எல் நினோ வருடம், பருவமழை பொய்க்கும் என்று இந்தியச் செய்தியில் கேட்டால் அது தென்மேல் பருவத்தைப் பற்றியது. எங்கள் ஒக்டோபர்–டிசம்பர் மழைக்கு அது நேர்மாறு, எல் நினோ வருடங்களில் கூடப் பெய்யும் போக்கே இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது பலத்த எல் நினோவில்தான். அதே கடற்பகுதி குளிர்ந்திருக்கும் லா நினா வருடங்களில் குறையும் போக்கு. ஆனால் எங்கள் மழையில் பெரும் பங்கு நான்கைந்து தாழமுக்கங்களில் வந்து விழுவதால், அவற்றில் ஒன்று நூறு கிலோமீற்றர் தள்ளிப் போனாலே வருடக் கணக்கு மாறிவிடும். புரெவி வந்த 2020 லா நினா வருடம். எனவே விதைப்புக்கும் வாய்க்காலுக்கும் எல் நினோச் செய்தியைவிட, விரிகுடாவில் தாழமுக்கம் உருவான பிறகு வரும் நான்கைந்து நாள் எதிர்வுகூறலையே நம்புங்கள்.